மாடிப்படியில் புரோகிரஸிவ் கண்ணாடி: நடப்பதற்கென்று தனிக் கண்ணாடி வைத்துக்கொள்ள வேண்டுமா?

மாட்டுங்கா_விஜயா

நாங்கள் மாட்டுங்கா கிழக்கில் ஒரு பழைய கட்டடத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். லிஃப்ட் கிடையாது. என் மாமியாருக்கு 74 வயது. காலையில் கோயில், மாலையில் காய்கறி மார்க்கெட் என்று தினமும் தானே இறங்கி ஏறுகிறவர். போன மாதம் இறங்கும்போது, இன்னும் ஒரு படி மீதி இருப்பது தெரியாமல் தரை வந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்துவிட்டார். கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு எலும்பில் விரிசல். கட்டுப் பிரித்தாகிவிட்டது. இப்போது மறுபடியும் வெளியே போக வேண்டும் என்கிறார்.

அவர் போட்டிருப்பது புரோகிரஸிவ் கண்ணாடி. சீட்டில் வலது கண் +1.25, இடது கண் +1.50, வாசிப்புக்கான கூடுதல் +2.50 என்று இருக்கிறது. கண் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். கண்ணாடியோடு 6/6 தெரிகிறது, கண்புரை ஆரம்ப நிலையில்தான் இருக்கிறது, இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றார். கண்ணாடிக் கடைக்காரர் பவரைச் சரிபார்த்து, லென்ஸ் சரியாகத்தான் பொருத்தப்பட்டிருக்கிறது என்றார்.

நடப்பதற்கு மட்டும் தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்று தனியாக வாங்குங்கள் என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். என் கணவருக்கு அதில் சம்மதமில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே கண்ணாடி என்றுதானே அவ்வளவு விலை கொடுத்து வாங்கினோம் என்கிறார். கண்ணிலும் குறையில்லை, கண்ணாடியிலும் குறையில்லை என்றால் அவர் ஏன் விழுந்தார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டோம்பிவ்லி_கணேசன்

சகோதரி, படியில் தடுமாற வைப்பது பைஃபோகல். அதில் நடுவே கோடு இருக்கும். கோட்டைத் தாண்டியதும் காட்சி துள்ளும். புரோகிரஸிவில் கோடே கிடையாது, துள்ளலும் கிடையாது. நான் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அதைத்தான் போட்டிருக்கிறேன். ரயில்வே மேம்பாலம் ஏறி இறங்குகிறேன், ஒரு குறையும் இல்லை.

உங்கள் மாமியாருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது ஒன்றுதான். படியில் கண்ணை மட்டும் தாழ்த்தக் கூடாது. முகவாயை மார்பை நோக்கித் தாழ்த்தி, லென்ஸின் மேல்பகுதி வழியாகப் படியைப் பார்க்க வேண்டும். எனக்குக் கண்ணாடி கொடுத்தவர் முதல் நாளே இதைச் சொல்லித் தந்தார். இரண்டாவது கண்ணாடிக்குக் காசை வீணாக்க வேண்டாம்.

பாந்துப்_ரவி

வாக்கிங் போவதற்குத் தனிக் கண்ணாடி என்பது மிகவும் நல்ல யோசனை. காலை வெயில் முகத்தில் அடிக்கிறது. என் அப்பாவுக்குப் பவர் போட்ட கூலிங் கிளாஸ் ஒன்று செய்து கொடுத்தோம், அதைப் போட்டுக்கொண்டுதான் பூங்காவுக்குப் போகிறார். வெயிலில் தானே கறுக்கும் லென்ஸ் என்றால் இன்னும் வசதி.

கண்ணளவு

நான் ஆப்டோமெட்ரிஸ்ட். சயனில் வேலை. இந்தக் கேள்வியோடு வருகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரவி, இங்கே கேட்கப்பட்டது உடற்பயிற்சி நடை பற்றியது அல்ல. நடமாட்டம் முழுவதற்குமான கண்ணாடி பற்றியது. ஆனால் கறுக்கும் லென்ஸைப் பற்றிச் சொன்னதால் ஓர் எச்சரிக்கை. அது வெயிலில் சீக்கிரம் கறுத்துவிடும், நிழலுக்கு வந்தால் தெளிவதற்குச் சில நிமிடங்கள் எடுக்கும். வெயிலிலிருந்து நேராக இருண்ட மாடிப்படிக்குள் நுழைகிறவர், கறுத்த லென்ஸோடுதான் முதல் படியில் கால் வைப்பார். அப்பாவை வாசலில் சற்று நின்றுவிட்டு ஏறச் சொல்லுங்கள்.

விஜயா, உங்கள் மருத்துவர் சொன்னது சரி. கடைக்காரர் சொன்னதும் சரி. மாமியார் எழுத்துப் பலகையைப் படித்தது லென்ஸின் மேல்பகுதி வழியாக. படியைப் பார்ப்பது கீழ்ப்பகுதி வழியாக. அந்தக் கீழ்ப்பகுதி, கையில் பிடித்த புத்தகத்துக்காகச் செய்யப்பட்டது. படியின் தூரத்துக்கு அதை வைத்து யாரும் சோதிப்பதில்லை.

அவருடைய சீட்டையே எடுத்துக்கொள்வோம். +2.50 கூடுதல் என்றால், தெளிவாகத் தெரியும் தூரம் ஒன்றை 2.5-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 40 சென்டிமீட்டர். அவர் சுமார் ஐந்தடி உயரம் என்று வையுங்கள். நிற்கும்போது கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கும். இறங்குகிறவர் பார்க்க வேண்டிய அடுத்த படியின் விளிம்பு, கண்ணிலிருந்து சுமார் 1.6 மீட்டர் தூரத்தில் இருக்கும். அந்தத் தூரத்துக்குத் தேவைப்படும் கூடுதல் 0.6 மட்டுமே. லென்ஸின் அடிப்பகுதி கொடுப்பது 2.5. கிட்டத்தட்ட 1.9 அதிகம். கண்ணாடியே தேவைப்படாத ஓர் இளைஞருக்கு +1.9 லென்ஸை மாட்டிவிட்டுப் படி இறங்கச் சொன்னால் அவருக்கும் விளிம்பு கலங்கும். கூடுதலாக ஏறிய பிளஸ் பவரைக் கண்ணால் எந்த வயதிலும் ஈடுகட்ட முடியாது.

புரோகிரஸிவில் இந்த 2.5 முழுவதும் ஒரே இடத்தில் வந்துவிடாது, கீழே போகப் போகத்தான் ஏறும். கணேசன் ஐயா சொன்னபடி அதில் துள்ளல் இல்லை, அது உண்மை. ஆனால் கலங்கல் இருக்கிறது. நடுவில் தெளிவாக இருக்கும் பாதைக்கு இரு பக்கமும் கீழே உருவங்கள் வளைந்தும் நெளிந்தும் தெரியும் பகுதி ஒன்றும் இருக்கிறது. கைப்பிடியைப் பிடித்தபடி ஓரமாக இறங்குகிறவர் பல சமயம் அந்தப் பகுதி வழியாகத்தான் படியைப் பார்க்கிறார்.

பழைய மும்பைக் கட்டடங்களில் படியும் தரையும் ஒரே சாம்பல் நிறத்தில் இருக்கும். விளிம்பு தேய்ந்து மழுங்கியிருக்கும். அங்கே ஒரு படியிலிருந்து அடுத்ததைப் பிரித்துக் காட்டுவது மெல்லிய நிழல் வேறுபாடு ஒன்றுதான். கலங்கல் முதலில் அழிப்பது அந்த மெல்லிய வேறுபாட்டை. கடைசிப் படி தரையோடு ஒன்றிப் போய்த் தெரிந்திருக்கும்.

இதை ஆய்வாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். 2002-இல் ஆஸ்திரேலியாவில் ஸ்டீஃபன் லார்டும் அவரோடு இருந்தவர்களும் 63 முதல் 90 வயது வரையிலான 156 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். பைஃபோகல், டிரைஃபோகல், புரோகிரஸிவ் மூன்றையும் ஒரே வகையாகவே எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடியின் கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கும்போது விளிம்பைப் பிரித்தறியும் திறனும் ஆழம் அறியும் திறனும் குறைந்தன. இத்தகைய கண்ணாடி அணிந்தவர்கள் விழும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். அதிலும் வெளியே நடக்கும்போதும் படி ஏறி இறங்கும்போதும்தான் வித்தியாசம் அதிகமாகத் தெரிந்தது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். படியில் வேண்டாம், சமதரையில் செய்யுங்கள். மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். அவருடைய காலுக்கு ஓரடி முன்னால், தரையின் நிறத்திலேயே உள்ள ஒரு துணியையோ அட்டையையோ போடுங்கள். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் தாழ்த்தி அதன் விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு முகவாயைத் தாழ்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது முறை விளிம்பு பளிச்சென்று தெரிந்தால் நான் சொல்வது உங்களுக்கே விளங்கிவிடும்.

டோம்பிவ்லி_கணேசன்

முகவாயைத் தாழ்த்தினால் தெளிவாகத் தெரியும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதைத்தானே நானும் சொன்னேன்? பழக்கத்தால் தீரும் விஷயத்துக்கு எதற்கு இன்னொரு கண்ணாடி?

செம்பூர்_அலமேலு

எனக்கு 71 வயது, கழுத்தில் ஸ்பாண்டிலைடிஸ். முகவாயை மார்புக்குக் கொண்டுபோனால் தலை சுற்றுகிறது. படியில் நின்று தலையைக் குனிந்தால் கால் முன்னால் இழுப்பது போலவே இருக்கும். இவர் சொல்லும் பழக்கம் எல்லோருக்கும் கைவராது.

தவிர, எல்லாப் படியிலும் அது ஞாபகத்தில் இருக்க வேண்டுமே. கையில் பை, பின்னால் குழந்தைகள் ஓடி வருகிறார்கள், எதிரே ஒருவர் ஏறி வருகிறார், அவருக்கு வழிவிட வேண்டும். அந்த நேரத்தில் யார் முகவாயை நினைப்பார்கள்?

நான் இரண்டு கண்ணாடி வைத்திருக்கிறேன். ஆனால் அதிலும் சிரமம் இருக்கிறது என்பதை இந்தப் பெண் தெரிந்துகொள்ள வேண்டும். மார்க்கெட்டில் நடப்பதற்குத் தூரக் கண்ணாடி அருமையாக இருக்கிறது. மீதிச் சில்லறையை எண்ண முடியவில்லை, மருந்துப் பட்டையில் தேதி படிக்க முடியவில்லை. முதலில் கடைவாசலில் நின்றபடியே கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டேன், ஒருமுறை மாற்ற மறந்து அப்படியே படி இறங்கினேன். இப்போது மருந்துக் கடையில் அங்கேயே இருக்கும் ஸ்டூலில் உட்கார்ந்த பிறகுதான் வாசிப்புக் கண்ணாடியை எடுப்பேன். எழுந்திருக்கும் முன் அதை உறையில் போட்டுவிடுவேன். உட்கார்ந்தால் ஒன்று, எழுந்தால் இன்னொன்று.

தாதர்_வைத்தியநாதன்

எனக்கு 79 வயது. முப்பது வருடத்துக்கு மேலாகக் கிரிப்டாக் பைஃபோகல்தான். அலுவலகத்திலும் அதுதான், இன்றும் அதுதான். ஒரு முறைகூட விழுந்ததில்லை. இத்தனை வருடம் பழகியவனும் மாற்ற வேண்டுமா?

கண்ணளவு

மூன்று பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

கணேசன் ஐயா, உங்கள் வழி வேலை செய்கிறது. நானும் புதிதாகப் புரோகிரஸிவ் வாங்குகிறவர்களுக்கு அதையே சொல்கிறேன். அது செல்லுபடியாகும் இடம், கழுத்து நன்றாக வளைகிற, மெதுவாக இறங்க அவகாசம் உள்ள, கவனம் சிதறாத ஒருவரிடம். அலமேலு அம்மா சொன்ன இரண்டு தடைகளும் உண்மையானவை. தலையை மிகவும் குனியும்போது, உடல் நிமிர்ந்து நிற்க உதவும் உள்காதின் குறிப்புகளும் குழம்புகின்றன. வயதான காலில் அதை ஈடுகட்டுவது கடினம். அந்தப் பழக்கத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. 74 வயதில் ஒருமுறை எலும்பு விரிசல் கண்டவருக்கு அதுமட்டும் போதாது என்கிறேன்.

வைத்தியநாதன் ஐயா, கிரிப்டாக் லென்ஸின் கீழே உள்ள வட்டம் வழக்கமாக 22 மில்லிமீட்டர் அகலம். வட்டத்தின் ஒளி மையம் அதன் மேல்விளிம்பிலிருந்து 11 மில்லிமீட்டர் கீழே இருக்கும். கூடுதல் 2.50 என்றால், பார்வை அந்த விளிம்பைத் தாண்டும் கணத்தில் காட்சி ஒரு மீட்டருக்கு 2.75 சென்டிமீட்டர் துள்ளும். ஒன்றரை மீட்டர் தூரத்தில் உள்ள படி சுமார் 4 சென்டிமீட்டர் இடம் மாறித் தெரியும். மூளை அதற்குப் பழகிக்கொள்ளும், உங்கள் மூளை பழகியிருக்கிறது. நீங்கள் விழவில்லை, நன்றாக நடக்கிறீர்கள் என்றால் நான் அவசரப்பட்டு எதையும் மாற்றச் சொல்ல மாட்டேன். ஆனால் பழக்கம் துள்ளலுக்குத்தான் ஈடு, கலங்கலுக்கு அல்ல. தெரியாத கட்டடத்தில், விளக்கு மங்கிய படியில் இறங்கும்போது கைப்பிடியை விடாதீர்கள்.

இனி விஜயாவின் கேள்விக்கு. தனிக் கண்ணாடி கொடுத்தால் விழுவது குறைகிறதா என்று நேரடியாகவே சோதித்த ஆய்வு உண்டு. அதுவும் ஆஸ்திரேலியாவில்தான். 2010-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 606 பேர், எல்லோரும் பைஃபோகல் அல்லது புரோகிரஸிவ் அணிபவர்கள். 80 வயதைக் கடந்தவர்கள், அல்லது 65-ஐக் கடந்து முந்தைய ஆண்டில் விழுந்தவர்களோ நடை தளர்ந்தவர்களோ. பாதிப் பேருக்குத் தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்று கூடுதலாகக் கொடுத்து, நடக்கும்போதும் வெளியே போகும்போதும் அதைப் போடச் சொன்னார்கள்.

மொத்தமாகப் பார்த்தால் விழுதல் 8 சதவீதம்தான் குறைந்தது. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவு. ஆனால் பிரித்துப் பார்த்தபோது எதிரெதிரான இரண்டு விடைகள் வந்தன. அடிக்கடி வெளியே போய் வருபவர்களிடம் விழுதல் சுமார் 40 சதவீதம் குறைந்தது. வீட்டோடு இருந்து எப்போதாவது வெளியே போகிறவர்களிடம், வெளியே விழுவது கூடியது.

உங்கள் மாமியார் தினமும் இரண்டு முறை வெளியே போகிறவர், ஒருமுறை விழுந்தவர். அவர் முதல் வகை. அவருக்கு வாங்கிக் கொடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

வாஷி_முரளி

இதைப் படித்துவிட்டு இன்றைக்கே என் அப்பாவுக்கு ஒன்று செய்யச் சொல்லலாம் என்று இருந்தேன். கடைசிப் பத்தி நிறுத்திவிட்டது. அப்பாவுக்கு 84 வயது. மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போவதைத் தவிர வெளியே போவதில்லை. டி பைஃபோகல் போடுகிறார். வீட்டுக்குள்ளேயே இரண்டு முறை தடுக்கி விழுந்திருக்கிறார். அவருக்குத் தனிக் கண்ணாடி தீமையா? ஏன் அப்படி ஆகிறது?

கண்ணளவு

காரணத்தை அந்த ஆய்வு நிறுவவில்லை. என் கருத்தைச் சொல்கிறேன். எப்போதாவது மட்டும் அந்தக் கண்ணாடியைப் போடுகிறவருக்கு அது பழகுவதே இல்லை. தளர்ந்த காலோடு, பழகாத பார்வையோடு, பழகாத தெருவில் இறங்குகிறார். வேறு விளக்கமும் இருக்கலாம்.

இன்னொன்றும் கவனத்தில் வையுங்கள். வயதானவர்களுக்குப் பார்வையைச் சோதித்துப் புதுக் கண்ணாடி கொடுத்தால் விழுவது குறையும் என்று எதிர்பார்த்து, 70 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். அதன் முடிவு 2007-இல் வெளிவந்தது. புதுக் கண்ணாடி பெற்றவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள். பவர் ஒரேயடியாக மாறியது காரணமாக இருக்கலாம் என்று நினைக்கப்படுகிறது. தளர்ந்த உடல் உள்ளவர்களுக்கு ஒரே தடவையில் 0.75-க்கு மேல் பவரை மாற்ற நான் தயங்குவது அதனால்தான்.

உங்கள் அப்பா விஷயத்தில் கண்ணாடியைத் தொடுவதற்கு முன், அவர் வீட்டுக்குள் எந்த இடத்தில், எந்த நேரத்தில் விழுந்தார் என்று பாருங்கள். சமதரையில், இரவில் கழிவறைக்குப் போகும்போது விழுந்திருந்தால் கண்ணாடியே போட்டிருக்க மாட்டார்.

அவருக்கு நடுவழி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் டேவிட் எலியட் குழுவினர் சோதித்தது. வாசிப்புக் கூடுதலைப் பாதியாகக் குறைத்து அதே பைஃபோகலைச் செய்வது. 2.50-க்குப் பதில் 1.25. அப்போது கீழ்ப்பகுதி தெளிவாகத் தெரியும் தூரம் 40-லிருந்து 80 சென்டிமீட்டராகிறது. 1.6 மீட்டர் படிக்கு மிகையாக இருந்த 1.9, கிட்டத்தட்ட 0.6 ஆகிவிடும். படி ஏறி இறங்குவதில் தூரக் கண்ணாடிக்கு நெருக்கமாக இருந்தது, சிறிது நேரம் படிக்கவும் முடிந்தது. மாற்றிப் போட வேண்டிய தொல்லை இல்லை. நாளிதழை முழுக்க உட்கார்ந்து படிப்பவர் என்றால் அதற்கு வாசிப்புக் கண்ணாடி தனியாக வேண்டும்.

தாராவி_பிசியோ

நான் பிசியோதெரபிஸ்ட். எலும்பு முறிந்து வருகிறவர்களோடுதான் என் வேலை. கண்ணாடியைப் பற்றி மேலே சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விஜயா, அந்தப் படியையும் பாருங்கள்.

சொசைட்டியில் பேசி ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஒரு பட்டை அடிக்கச் சொல்லுங்கள். பட்டை மிகச் சரியாக விளிம்பிலேயே ஆரம்பிக்க வேண்டும். பெயிண்டர்கள் விளிம்பில் பெயிண்ட் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்று இரண்டு மூன்று விரற்கடை உள்ளே தள்ளி அடிப்பார்கள். அப்படி அடித்தால் பட்டை இல்லாமல் இருப்பதே மேல். கண், பட்டைதான் விளிம்பு என்று எடுத்துக்கொள்ளும். உண்மையான விளிம்பு அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், இறங்கும்போது குதிகால் அங்கே மாட்டும். படி வெளிர் நிறமாக இருந்தால் மஞ்சள் எடுக்காது, கறுப்பு அல்லது அடர் பழுப்பு அடியுங்கள். கறுத்த கல் என்றால் மஞ்சள். எல்லாப் படிகளுக்கும் அனுமதி கிடைக்காவிட்டால் ஒவ்வொரு தளத்திலும் முதல் படிக்கும் கடைசிப் படிக்குமாவது அடித்துவிடுங்கள். அவர் தவறவிட்டது கடைசிப் படிதானே.

இன்னொன்று. இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாரா? காலையில் மாத்திரை போட்ட கையோடு இறங்குகிறாரா? உட்கார்ந்து எழுந்ததும் தலை லேசாகச் சுற்றுகிறதா? அதையும் மருத்துவரிடம் கேளுங்கள். கண்ணாடி மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டு இதைக் கவனிக்காமல் விடுவதை நான் நிறையப் பார்க்கிறேன்.

முலுண்ட்_சாந்தி

என் கணவருக்குப் போன வருடம் இரண்டு கண்ணிலும் புரை எடுத்தார்கள். அவருக்கும் படியில் பயம் வந்துவிட்டது. கண்ணுக்குள்ளேயே மல்டிஃபோகல் லென்ஸ் வைக்கிறார்களே, அதற்கும் இந்தப் பிரச்சினை உண்டா? அவருக்கு வைத்தது சாதாரண லென்ஸ். அதற்குப் பிறகு கடையில் பைஃபோகல் போட்டுக்கொடுத்தார்கள். சீட்டில் தூரப்பார்வைக்கு இரண்டு கண்ணிலும் பூஜ்யம், கூடுதல் +2.50 என்று இருக்கிறது.

கண்ணளவு

கண்ணுக்குள் வைக்கும் மல்டிஃபோகல் வேறு வகை. அதில் தூரமும் கிட்டமும் மேல் கீழ் என்று பிரிக்கப்படவில்லை. எனவே கீழே பார்த்தால் பவர் மாறுவது என்பது அங்கே இல்லை. மங்கிய வெளிச்சத்தில் ஒளி நிழல் வேறுபாடு கொஞ்சம் குறைந்து தெரியும் என்பது அதன் தனிக் குறை. நான் மேலே சொன்ன ஆய்வுகளை அதற்குப் பொருத்தக் கூடாது.

ஆனால் உங்கள் கணவரின் சீட்டு எனக்கு வருத்தமளிக்கிறது. தூரத்துக்குப் பூஜ்யம் என்றால் அவருக்கு நடப்பதற்குக் கண்ணாடியே தேவையில்லை. கழற்றி வைத்தால் மாடிப்படி முழுவதும், முதல் படியிலிருந்து தரை வரை, தெளிவாகத் தெரியும். எப்போதும் கண்ணாடி அணிந்து பழகியவர் என்பதால் போட்டுக்கொள்கிறார், கடைக்காரரும் கொடுத்துவிடுகிறார். அவருக்கு வேண்டியது எளிய வாசிப்புக் கண்ணாடி ஒன்று, அதுவும் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். தூசிக்கும் காற்றுக்கும் கண்ணாடி இல்லாமல் இருக்க முடியாது என்றால் பவர் இல்லாத லென்ஸைப் போட்டுக்கொள்ளட்டும்.

முலுண்ட்_சாந்தி

இதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. இன்று மாலை கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கச் சொல்கிறேன்.

மாட்டுங்கா_விஜயா

எல்லோருக்கும் நன்றி. சுவரைப் பிடித்து நிற்கும் சோதனையைச் செய்தோம். தரை நிறத்திலேயே இருந்த ஓர் அட்டையைப் போட்டேன். கண்ணை மட்டும் தாழ்த்தியபோது, ஏதோ கிடக்கிறது, ஆனால் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை என்றார். முகவாயைத் தாழ்த்தியதும் நான்கு மூலையையும் விரலால் சுட்டிக்காட்டினார். பக்கத்தில் நின்று பார்த்த என் கணவர் அதன்பிறகு மறுபேச்சுப் பேசவில்லை.

இப்போது சில சந்தேகங்கள். தூரக் கண்ணாடிக்குப் பவரைப் புதிதாகச் சோதிக்க வேண்டுமா, இருப்பதையே கொடுக்கலாமா? ஃபிரேம் ஒரே மாதிரி எடுக்கட்டுமா? வீட்டுக்குள் எதைப் போட வேண்டும்? இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். காலையில் தலை சுற்றுவதில்லை என்கிறார், ஆனாலும் கேட்கிறேன்.

கண்ணளவு

மருத்துவர் அண்மையில் சோதித்துச் சரி என்று சொல்லியிருக்கிறார். எனவே இருக்கும் தூரப் பவரையே கொடுங்கள், வலது +1.25, இடது +1.50. ஒரே சமயத்தில் பவரையும் மாற்றி, லென்ஸ் வகையையும் மாற்றினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. கடையில் ஒற்றைப் பார்வை லென்ஸ், தூரத்துக்கு மட்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். புரோகிரஸிவை விட விலை மிகவும் குறைவு. பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு இருந்தால் நல்லது. வண்ணம் வேண்டாம்.

ஃபிரேம் ஒரே மாதிரி எடுக்காதீர்கள். எது எது என்று கையில் எடுத்ததுமே தெரிய வேண்டும். ஒன்று தடித்த கறுப்பு, மற்றது மெல்லிய உலோகம் என்று எடுங்கள். லென்ஸ் கீழ்வரை இறங்கும் அளவுக்கு உயரமான ஃபிரேமாக இருக்கட்டும். குட்டையான ஃபிரேமில் கீழே பார்க்கும்போது பார்வை லென்ஸுக்கு வெளியே போய்விடும். +1.50 உள்ளவருக்கு அதுவும் கலங்கல்தான்.

வாங்கியதும் அதைப் போட்டுக்கொண்டு நேராகப் படியில் இறங்க வேண்டாம். முதலில் வீட்டுக்குள் நடக்கட்டும், பிறகு யாராவது ஒருவர் ஒரு படி கீழே நின்றுகொள்ள இறங்கட்டும். பிறகு சாவி மாட்டும் இடத்திலேயே அந்தக் கண்ணாடிக்கும் ஓர் இடம் செய்துவிடுங்கள். சாவியை எடுக்கும்போது கண்ணாடியும் மாற வேண்டும். புரோகிரஸிவ் பைக்குள் உறையில் இருக்கட்டும். அலமேலு அம்மாவின் ஸ்டூல் வழக்கம் சிறந்தது.

வீட்டுக்குள் எது என்பதில் எங்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. சிலர் நடக்கும் நேரமெல்லாம் தூரக் கண்ணாடிதான் என்பார்கள். சமையலறையில் நிற்கும் நேரம் பாதி, கிட்டத்தில் பார்க்கும் நேரம் பாதி என்று இருக்கிற ஒருவரை நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் இரண்டு நாளில் சலித்து ஒரேயடியாக விட்டுவிடுவார் என்பது என் அனுபவம். பழகிய சமதரையில் புரோகிரஸிவ் இருக்கட்டும், வாசல் தாண்டினால் மாறட்டும் என்று நான் சொல்வேன்.

தாராவி_பிசியோ

அதில் எனக்கு உடன்பாடில்லை. உங்கள் வீட்டுக் குளியலறை வாசலில் நிலைப்படி உயர்ந்திருக்கிறதா விஜயா? பழைய கட்டடங்களில் பெரும்பாலும் இருக்கும். என்னிடம் வருகிறவர்களில் பலர் வழுக்கி விழுவது அந்த ஈரமான நிலைப்படியில்தான். வீட்டுக்குள் புரோகிரஸிவ் என்றால் அந்த நிலைப்படி விளிம்புக்கும் பட்டை அடித்துவிடுங்கள், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் போடுங்கள்.

மாட்டுங்கா_விஜயா

இருக்கிறது, நான்கு விரற்கடை உயரம். கம்பிக்கு ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். படிக்கு விளிம்புப் பட்டை அடிக்க சொசைட்டிச் செயலாளர் சம்மதித்துவிட்டார். ஆனால் ஒரு தளத்துக்கு மட்டும்தான், மீதிக்குப் பொதுக்கூட்டத்தில் கேட்க வேண்டும் என்கிறார். கீழ்த்தளத்தை முதலில் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். பெயிண்டர் வரும்போது நானே பக்கத்தில் நிற்பேன், விளிம்பிலிருந்து உள்ளே தள்ள விடமாட்டேன்.

வாஷி_முரளி

அப்பா விழுந்த இரண்டு முறையும் பகலில்தான், கூடத்திலிருந்து பால்கனிக்கு இறங்கும் ஒரே ஒரு படியில். கண்ணாடி போட்டிருந்தார். பாதிக் கூடுதல் பைஃபோகலை எங்கள் பக்கத்துக் கடையில் கேட்டேன், அப்படி யாரும் செய்வதில்லை என்று சொல்லிவிட்டார்கள். சீட்டில் எப்படி எழுதி வாங்க வேண்டும்?

கண்ணளவு

லென்ஸில் புதிதாக ஒன்றுமில்லை, எந்தக் கடையிலும் செய்யக்கூடியதுதான். இப்போதுள்ள கூடுதல் என்னவென்று பார்த்து அதில் பாதியை, தூரப் பவரை மாற்றாமல், ஆப்டோமெட்ரிஸ்டோ கண் மருத்துவரோ சீட்டில் எழுதித் தர வேண்டும். நடமாட்டத்துக்கு என்று ஒரு வரியும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் கடையில் பவர் தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்று நினைத்துத் திருத்திவிடுவார்கள். பால்கனிப் படிக்கு, கண்ணாடி வரும்வரை காத்திருக்காமல் இன்றே விளிம்பில் அடர்நிற டேப்பை ஒட்டிவிடுங்கள்.